பொண்ணு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது: டெல்டாப் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நான் கோயம்புத்தூர், வயது 27. நான் விரும்பும் பெண்ணுக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வேற சாதி. அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் பேசாமலே இருந்த அவள் அப்பா இப்போது 'ஒரு தடவ வரச் சொல்லு' என்கிறார். போய் என்ன பேசுவது, என்ன செய்வது? அந்தப் பக்கத்துப் பழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது."

தம்பி, அவர் கூப்பிட்டிருப்பது முடிவு சொல்வதற்கு இல்லை, ஆளைப் பார்ப்பதற்கு. இதை மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அன்றைக்கே சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் பிறந்தது வெண்ணாற்றுப் பாசனத்து ஊர், பல வருடமாகத் தஞ்சாவூரில் குடும்ப ஆலோசனை வேலை. காதல் கல்யாணம் என்று வருகிற வீடுகளில் இரண்டு பக்கத்தோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கொங்குப் பக்கத்து வீடுகளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, உங்கள் வீட்டை எப்படிச் சமாளிப்பது என்பதற்குள் நான் போகவில்லை.

போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், போனிலாவது. அவர்களுக்கு உங்களைப் பற்றி இதுவரை என்னவெல்லாம் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி. அவள் "சொல்லிட்டேன்" என்று சொல்வாள், ஆனால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாள், சாதியைப் பட்டும் படாமலும் சொல்லியிருப்பாள், உங்கள் அப்பா வேலையைக் கொஞ்சம் மெருகேற்றியிருப்பாள். பயத்தில் செய்வதுதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் போவதற்குள் அவளே அதைச் சரிபண்ணிவிட வேண்டும். அடுத்து, அந்த வீட்டில் முடிவெடுப்பது யார்? அப்பா கூப்பிட்டார் என்பதால் அப்பாதான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் பெரியப்பாவோ தாய்மாமனோ தலையாட்டாமல் அப்பா வாய் திறக்க மாட்டார், பல வீடுகளில் அப்பத்தாவின் பேச்சுதான் கடைசிப் பேச்சு. மூன்றாவது, அங்கே வாயைத் திறக்கக் கூடாத விஷயம் எது? பங்காளி வரப்புத் தகராறு, அடகில் இருக்கிற நகை, வெளிநாடு போய்ப் பணத்தைத் தொலைத்த அண்ணன் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். தெரியாமல் போய் "அண்ணன் என்ன பண்றாருங்க?" என்று நல்லெண்ணத்தில் கேட்டுவிட்டால் வீடே அமைதியாகிவிடும்.

நாள் நேரம் அவர்கள் சொல்வதுதான். உங்களைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி வாக்கில் என்று சொல்லுங்கள். ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை, அதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த வீட்டில் யாராவது ஒருவர் காலண்டரைப் பார்ப்பார். ஆடியிலும் மார்கழியிலும் இந்தப் பேச்சுக்காகப் போக வேண்டாம். அறுப்பு நேரமும் வேண்டாம். குறுவை புரட்டாசி ஐப்பசி வாக்கில் அறுப்புக்கு வரும், சம்பா தை மாசியில். அறுப்பு மிஷின் கிடைக்கிற நேரத்துக்குத்தான் வரும், வந்துவிட்டால் அவர் வயலில் நிற்பாரா உங்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருப்பாரா? கோயம்புத்தூரில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் நீடாமங்கலத்திலேயே இறங்கலாம். ஆனால் இறங்கிய கோலத்தில் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். மன்னார்குடியில் ஒரு ரூம் எடுத்துக் குளித்து, சாதாரணச் சட்டை பேன்ட்டில் போங்கள். அதற்கென்று வேட்டி கட்டிக்கொண்டு போவது வேஷம் மாதிரி தெரியும், வழக்கமாகக் கட்டுகிறவராக இருந்தால் தாராளமாகக் கட்டலாம்.

எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவளை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழையாதீர்கள். அவள் முதல் நாளே வீட்டுக்குப் போயிருக்கட்டும், நீங்கள் தனியாக வாருங்கள். அந்த அப்பாவுக்கு உங்களைவிடத் தெருதான் பெரிய கவலை. நீங்கள் திரும்பிப் போன பிறகும் அவர் அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். வழியில் திண்ணையிலோ டீக்கடையிலோ யாராவது "யாரு வூட்டுக்கு?" என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லி "அவங்க வீட்டுக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "என்ன விஷயமா?" என்று அடுத்து கேட்பார்கள். "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" போதும்.

என்ன வாங்கிக்கொண்டு போவது என்பதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு ஜோடியின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி ஊரை மாற்றியிருக்கிறேன். பையன் சேலம் பக்கம், பெண் மன்னார்குடிக்குத் தெற்கே. பையன் மரியாதையாகப் போக வேண்டும் என்று வாடகைக் கார் பிடித்து, இரண்டு நண்பர்களோடு, தாம்பாளத் தட்டில் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் அடுக்கி எடுத்துப் போய்விட்டான். எங்கள் பக்கம் பூவும் வெற்றிலை பாக்கும் தட்டில் வந்தால் அது பூ வைக்க வந்தது, அதாவது பெண்ணைக் கேட்டு உறுதி பண்ண வந்தது. அதைப் பெரியவர்கள்தான் கொண்டுவர வேண்டும். கார் நின்றதும் எதிர் வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா தட்டைப் பார்த்துவிட்டு "யாரக் கேட்டு தட்டு கொண்டாந்தீங்க?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். காப்பிகூட வரவில்லை, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

அதனால் நீங்கள் பழமும் ஒரு ஸ்வீட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டால் போதும். உங்கள் ஊர்க் கடை ஸ்வீட்டாக இருந்தால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவும் ஆகும். வீட்டில் வயதானவர் இருந்தால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அது எங்கள் பக்கம் என்றைக்கும் தப்பாகாது. பூ, வெற்றிலை, துணிமணி, நகை எதுவும் வேண்டாம். பையை அவள் கையில் கொடுக்காமல் அவள் அம்மாவிடம் கொடுங்கள், அவர் வாங்கி உள்ளே கொண்டுபோகட்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயோ அண்டாவில் தண்ணீரோ இருந்தால் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். உட்காரச் சொன்ன பிறகு, சொன்ன இடத்தில் உட்காருங்கள். சாய்வு நாற்காலி கிடந்தால் அது பெரியவருடையது, யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நீங்கள் உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் தண்ணீர் வரும். தாகம் இல்லையென்றாலும் வாங்கி இரண்டு மடக்குக் குடியுங்கள். வேற சாதி என்று தெரிந்து கூப்பிட்டிருக்கிற வீட்டில் அந்தத் தண்ணீர் சும்மா தண்ணீர் இல்லை, கொடுக்கிறவருக்கும் அது ஒரு படி தாண்டுவதுதான். "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று நீங்கள் நாகரிகமாகச் சொன்னது வேறு மாதிரிப் போய்ச் சேரும். காப்பியும் அப்படித்தான், டீ மட்டுமே குடிக்கிற ஆளாக இருந்தாலும் அன்றைக்குக் காப்பி குடியுங்கள்.

கூப்பிடும் விதத்தில், எடுத்த எடுப்பில் "மாமா, அத்தை" வேண்டவே வேண்டாம். அது உறவு கொண்டாடுவது, அவர்கள் இன்னும் கொடுக்காததை நீங்களே எடுத்துக்கொள்வது. அவரை "ஐயா" என்றோ "அப்பா" என்றோ, அந்த அம்மாவை "அம்மா" என்றோ கூப்பிட்டுப் பேச்சில் "ங்க" போட்டால் போதும், அது உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டவுனில் வளர்ந்த குடும்பம் என்றால் "அங்கிள், ஆன்ட்டி"கூடப் பரவாயில்லை, கிராமத்தில் கொஞ்சம் ஒட்டாது. அவளை அவர்கள் முன்னால் செல்லப் பெயர் சொல்லியோ "டி" போட்டோ கூப்பிட்டுவிடாதீர்கள், பழக்க தோஷத்தில் வந்துவிடும். அவளோடு கண்ஜாடை பேசுவதும் வேண்டாம், அம்மாமார்கள் அதை ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள்.

இனி பேச்சு. அப்பாவிடம் பேச நல்ல விஷயம் விவசாயம்தான், ஆனால் கேட்க வேண்டும், தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. "இந்த வருசம் தண்ணி எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டாலே அரை மணி நேரம் அவர் பேசுவார். மேட்டூரில் ஜூன் 12 திறப்பது வழக்கம், திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்தது, முறை வைத்து விட்டார்களா, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று கறாராக நின்றார்களா, இதெல்லாம் அவருடைய வயிற்றெரிச்சல், சொல்ல ஆள் கிடைத்தால் சொல்வார். நிலத்தை அவர் மாக் கணக்கில் சொன்னால் முழிக்காதீர்கள். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நீங்களாக "எத்தன ஏக்கருங்க?" என்று மட்டும் கேட்டுவிட வேண்டாம், சொத்துக்கு அடிபோடுகிறான் என்று ஆகிவிடும்.

அவர்கள் கேட்கிற கேள்விகள் எப்படி வரும் என்றால், "சொந்த ஊர் எது தம்பி?" என்று ஆரம்பிக்கும். கோயம்புத்தூர் என்றால் விட மாட்டார்கள். "டவுன்லயேவா? பூர்வீகம்?" அப்புறம் "அங்க எந்தத் தெரு?", அதன் பிறகு "குலதெய்வம் எது?" இது எல்லாமே ஒரே கேள்விதான், உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு ஏற்கெனவே பதிலும் தெரியும், ஆனாலும் கேட்பார்கள், நீங்கள் நெளிகிறீர்களா என்று பார்க்க. கேட்டதற்கு நேராக, சின்னதாக, சாதாரணக் குரலில் பதில் சொல்லுங்கள். சாதியைப் பேர் சொல்லியே கேட்டால் பேர் சொல்லியே சொல்லிவிடுங்கள். "சாதியெல்லாம் பாக்கறது தப்புங்க" என்று அந்த இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் அவர் வீட்டில், அவர் அண்ணன் முன்னால், அவரை நீங்கள் திருத்தப் போவதில்லை. அதே சமயம் "நாங்களும் உங்க மாதிரிதாங்க" என்று குழைய வேண்டாம், யாரும் அதை நம்பப் போவதில்லை, உங்களுக்கே பிறகு கசக்கும். உங்கள் சாதியை அவர்கள் தங்களுக்கு மேல் என்று நினைக்கிறவர்களாக இருந்தால் கேள்வி அம்மாவிடமிருந்து வரும்: "எம் பொண்ணு சமைச்சா உங்க வீட்டுல சாப்புடுவாங்களா?" இதற்கு "கண்டிப்பா" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவிடம் பேசியிருந்தால் அவர் சொன்னதைச் சொல்லுங்கள், பேசவில்லையென்றால் "இன்னும் பேசலங்க, பேசிட்டுச் சொல்றேன்" என்பதே நல்ல பதில்.

அவர்களே சாதியைத் தொடாமல் விட்டால் நீங்களாக எடுப்பதா என்பதில் எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை. எடுத்துப் பேசி நன்றாகப் போன வீடும் பார்த்திருக்கிறேன், அதனாலேயே மூடிக்கொண்ட வீடும் பார்த்திருக்கிறேன். முதல் தடவை விட்டுவிடலாம் என்பது என் சாய்வு.

பொய் சொல்வதைப் பற்றி மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எங்கள் பக்கம் விசாரித்துப் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். திருப்பூரில் வேலை பார்க்கிற சித்தி மகன், கோயம்புத்தூரில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாரையாவது பிடித்து உங்கள் தெருவுக்கே அனுப்பிவிடுவார்கள். சம்பளம், கடன், சொந்த வீடா வாடகையா, எல்லாம் வெளியே வரும். அந்தச் சேலத்துப் பையன் கதையில் திருப்பம் வந்தது இங்கேதான். மூன்று மாதம் கழித்து, இந்த முறை தனியாக, பஸ்ஸில், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போனான், அவரிடம் பேசி வைத்தது பெண்ணின் அத்தை. சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னான். கேட்காமலே ஒன்றையும் சொன்னான்: "எங்க அக்காவுக்கு விவாகரத்து ஆயிருச்சுங்க, எங்ககூடத்தான் இருக்காங்க. பின்னாடி தெரிஞ்சு நீங்க சங்கடப்படக் கூடாது." பெரியப்பா அதற்கு ஒன்றுமே சொல்லவில்லையாம். பிறகு சேலத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்ததில் அவன் சொன்னதுக்கு மேலே புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. கல்யாணம் முடிவாக அதற்கப்புறமும் பல மாதம் ஆனது, ஆனால் அந்த வீட்டில் பேச்சு மாறியது அந்த விசாரணைக்குப் பிறகுதான். விசாரித்தால் எப்படியும் வெளியே வரக்கூடியது உங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வராத பழைய விஷயத்தையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னால் இருங்கள், அது நல்ல அறிகுறி. இலையின் குறுகிய நுனி இடது கைப் பக்கம் இருக்கும், தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உட்காருங்கள். சாம்பாரிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள், பின்னால் வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் சோறு விழும். "போதும்" என்பதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தால்தான் சரியான அளவில் நிற்பார்கள். பெரியவர் எழுந்த பிறகு எழுந்திருங்கள், இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள், எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். எவர்சில்வர் டம்ளர் இருக்கும்போது உங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காப்பி வந்தாலோ, இலையை நீங்களே எடுக்கச் சொன்னாலோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள், முகத்தில் காட்டாதீர்கள். அது சாதி பார்த்ததாகவும் இருக்கலாம், அவசரமாகவும் இருக்கலாம், ஒரு தடவையில் தெரியாது. அவளிடம் பிறகு கேளுங்கள், அந்த வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியும்.

"சரி, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று நீங்கள் கேட்கவே கூடாது. அவராக "உங்க எண்ணம் என்ன?" என்று கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: "கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைங்க. உங்க சம்மதத்தோட பண்ணிக்கணும். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்லீங்க." இதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. "இல்லன்னா ரிஜிஸ்டர் பண்ணிக்குவோம்" என்பது மாதிரியான பேச்சு நக்கலாகக்கூட வாயில் வரக் கூடாது. அந்த வழி சட்டத்தில் உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது, அதை அங்கே போய் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், எழுதப் பிடிக்கவில்லை என்றாலும் எழுத வேண்டும். மேலே சொன்னதெல்லாம் கோபமாக இருந்தாலும் மனிதர்களாகப் பேசுகிற வீட்டுக்குத்தான். கூப்பிட்ட விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேற்று வரை அவளை அடித்த வீடு இன்றைக்குத் திடீரென்று இனிப்பாகப் பேசினால், அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டு வேறு யாரோ உங்களோடு பேசினால், வீட்டுக்கு இல்லாமல் தோப்புக்கோ வேறு ஊருக்கோ வரச் சொன்னால், பொழுது சாய்ந்த பிறகு தனியாக வா என்றால் போகாதீர்கள். அவர்கள் தங்களுக்குக் கீழ் என்று நினைக்கிற சாதி நீங்கள் என்றால் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள். அவள் குரலில் அவளே சொல்ல வேண்டும், வர வேண்டாம் என்றால் சொல்வதற்கு இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை முன்கூட்டிப் பேசி வையுங்கள். சந்தேகம் இருந்தால் முதல் சந்திப்பைத் தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு பெரியவரோடு வைத்துக்கொள்ளலாம். மிரட்டல் வந்தால், சாதி மாறித் திருமணம் செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெண்ணுக்கு உதவி 181 எண்ணில் கிடைக்கும்.

கிளம்பும்போது பெரியவரிடமிருந்து ஆரம்பித்து எல்லோரிடமும் "போயிட்டு வர்றேங்க" சொல்லிவிட்டு வாருங்கள், அவளிடமும் எல்லோரையும் போலவே. ஊர் போய்ச் சேர்ந்ததும் அவள் மூலமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நம்பருக்கு நன்றி மெசேஜ், போட்டோவெல்லாம் அனுப்ப வேண்டாம். பிறகு உங்கள் வேலை காத்திருப்பது. அந்த நாட்களில் அவர்கள் அண்ணன் தம்பி, மச்சான் எல்லோரையும் கேட்பார்கள், ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். நடுவில் ஒரு நாள் "உங்க அப்பா அம்மாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க" என்று வந்தால் காரியம் பாதி முடிந்த மாதிரி, தட்டு, பூ, வெற்றிலை எல்லாம் அப்போது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டு எடுத்து வரட்டும். நீங்கள் போய்விட்டு வந்தது ஆனியாக இருந்தால் ஆடி பிறந்துவிடும், ஆவணி வரை அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது, அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அவளோடு சண்டை போடாதீர்கள்.